அந்தச் சின்னக் கட்டத்தில் ஒரு டிக்

என் கணவருக்கு ஓட்டுநர் லைசென்ஸ் புதுப்பிக்க மூன்று வாரம் பிடித்தது. இப்போதெல்லாம் அது போனில் ஐந்து நிமிட வேலை. எங்கள் மகள் தன்னுடையதை ஒரு மத்தியான வேளையில், சோற்றுக் கடை வரிசையில் நின்றபடியே முடித்துவிட்டாள். ஆனால் அவள் எதையும் வாசிக்கிறவள் இல்லை. அவர் எதையும் வாசிக்காமல் விடுகிறவர் இல்லை.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘கண்ணால் பார்த்தேன்’ என்பதற்கும் ‘இருந்திருக்கும்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் முப்பது வருஷமும் சம்பளம் வாங்கினார். வீட்டில் ரசத்துக்கு உப்பு போட்டாயா என்று கேட்டு, “போட்டிருப்பேன்” என்று நான் சொன்னால் அவருக்குத் தாங்காது. “போட்டியா, போட்டிருப்பியா?” என்பார்.

எங்கள் ஊரில் லைசென்ஸ் பிறந்தநாளோடு முடிகிறது. அவருடைய அறுபத்தேழாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை தேநீர் குடித்த கையோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அடையாள அட்டையான ஐசி, பழைய லைசென்ஸ் அட்டை, மின்சாரக் கட்டண ரசீது, ஒரு நோட்டுப் புத்தகம், பேனா. மகள் முந்தின வாரமே சுபாங் ஜெயாவிலிருந்து வந்து, போக்குவரத்து இலாகாவின் ஆப்பை அவர் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

முதல் தடங்கல் முகவரி. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டை விட்டுக் கிள்ளானுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்த முதல் வாரமே பதிவு இலாகாவுக்குப் போய் வரிசையில் நின்று ஐசியில் முகவரியை மாற்றிவிட்டார். அதோடு நாட்டில் உள்ள அத்தனை இலாகாவுக்கும் சேதி போய்விட்டது என்று நினைத்திருந்தார். ஆப்பைத் திறந்தால், அவர் இன்னும் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில்தான் குடியிருந்தார்.

மகளுக்குப் போன் போட்டார்.

“ஐசியில மாத்திட்டேன். இங்க பழசே காட்டுது.”

“அது வேற இலாகா, இது வேற இலாகாப்பா. இங்கயும் தனியா மாத்தணும். உங்க விவரம் இருக்கிற பக்கத்துக்குப் போங்க, முகவரியைத் திருத்துங்க. அவ்வளவுதான்லா.”

அவ்வளவுதான் இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் அஞ்சல் குறியீட்டில் ஒரு குழப்பம் உண்டு. ஐசியில் ஒரு எண் இருந்தது, மின்சார ரசீதில் வேறு எண். இடது பக்கத்து வீட்டு ஹொக்கியேன் சீன அக்கா ஒன்றைச் சொன்னார். எதிர்வீட்டு மலாய்க்காரர் மற்றதைச் சொல்லி, “ரெண்டு எண் போட்டாலும் கடிதம் வந்துடும் அங்கிள், தபால்காரருக்கு எங்க பக்கத்து நாயைத் தெரியும்” என்று சொன்னார். நாய் வைத்திருந்தது உண்மையில் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர். இதையெல்லாம் என் கணவர் நோட்டில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை தபால் நிலையத்துக்கே போய்க் கேட்டு, ஐசியில் இருப்பதுதான் சரி என்று உறுதி செய்துகொண்டு வந்தார். மின்சாரக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். முகவரியை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

“இன்னைக்குத் தபால் நிலையத்துல சொன்னது ஒரு பொண்ணு. புதுசாச் சேர்ந்தவ மாதிரி இருந்தது” என்றார்.

புதன்கிழமை, முகவரியை அப்படியே விட்டுவிட்டு, புதுப்பிக்கிற பக்கத்தை முன்னோட்டமாகப் பார்க்கப் போனார். அங்கேதான் அந்த உறுதிமொழி இருந்தது.

நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க?”

“இதுல கேக்கறான்.”

“யாரு, என்ன கேக்கறான்?”

“வலிப்பு உண்டா, திடீர்னு தலைசுத்தல் மயக்கம் உண்டா, கண் பார்வை சரியா இருக்கா, வண்டி ஓட்டுறதுக்கு ஆபத்தான நோய் எதுவும் இருக்கான்னு. எதுவும் இல்லைன்னு உறுதி சொல்லி டிக் போடணும்.”

“போடுங்க.”

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். “தலைசுத்தல் உண்டே” என்றார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், வாசலில் சாக்கடை மூடியைக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்குப் பிறகும் காலையில் கட்டிலை விட்டு எழும்போது இரண்டு தடவை அப்படி ஆயிருக்கிறது.

“ரெண்டு மாசமா எங்கிட்ட சொல்லலை. போன் கேட்டதும் சொல்றீங்க.”

“நீ கேக்கலையே” என்றார். அவர் அதை ஒரு நியாயமான பதிலாகவே சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. வெங்காயம் உரித்த கண் வேறு. அழுகிறேன் என்று நினைத்து அவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னபோது அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். முதலில், “எல்லாரும் சும்மா டிக் போடறாங்கப்பா, யாரு வந்து பாக்கப்போறா” என்றாள். பிறகு அவளே, “ஐயோ, என்ன பேசறேன், நாளைக்கே டாக்டரைப் பாருங்க” என்றாள்.

கிளினிக் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம், ஒரு கடை வரிசையில், பேக்கரிக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. டாக்டர் நாற்பது வயதுத் தமிழ்ப் பெண்மணி. சுருக்கமாகப் பேசுவார். என் கணவர் நோட்டைத் திறந்து, தலைசுற்றிய மூன்று தடவையையும் தேதி, மணி, எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பது உட்பட வாசித்துக் காட்டினார். டாக்டர் அவரைப் படுக்கவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். சர்க்கரை பார்த்தார், இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்.

“அங்கிள், நீங்க எழுந்திருக்கும்போது பிரஷர் சட்டுனு இறங்குது. நீங்க சாப்பிடற பிரஷர் மாத்திரை உங்களுக்கு இப்ப கொஞ்சம் அதிகம்னு நினைக்கிறேன். கம்மி பண்றேன். தண்ணி நிறைய குடிங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம்.”

“வண்டி?”

“அதுவரைக்கும் ஓட்டாதீங்க.”

“டிக்?”

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “அதையும் ரெண்டு வாரத்துக்குப் போடாதீங்க” என்றார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளையின் முகம் அது.

வெளியே வந்து கார் பக்கத்தில் நின்றபோதுதான் இருவருக்கும் ஒரே யோசனை வந்தது. அவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

எனக்கு லைசென்ஸ் உண்டு. முப்பது வயதில் எடுத்தது. அதைத் தவறாமல் புதுப்பித்தும் வருகிறேன், ஐந்து ஐந்து வருஷமாக. ஆனால் கடைசியாக எப்போது ஓட்டினேன் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு எதற்குக் கார்? சந்தை, கோவில், ரயில் எல்லாம் நடக்கிற தூரம். ஐசி மாதிரி அதுவும் பர்ஸில் இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

அந்தப் பத்து நிமிடப் பாதை எங்களுக்கு அன்று அரை மணி நேரமானது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரயில் ஓட்டுநருக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். “முன்னால சிவப்பு. வேகம் குறை. வலது பக்கம் மோட்டார் சைக்கிள். பச்சை. போகலாம்.” எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் உதவியாகவும் இருந்தது. ஏன் அவ்வளவு உதவியாக இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இடையில் பிறந்தநாள் வந்தது. மகள் கேக் கொண்டுவந்தாள். அவர் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு, “இன்னையோட லைசென்ஸ் காலாவதி” என்று அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம்.

அந்த இரண்டு வாரமும் நான்தான் ஓட்டினேன். தைரியம் வளர்ந்தது. கிள்ளான் சந்தைக்குப் போனேன், சுபாங் ஜெயாவுக்கு ஒரு தடவை நெடுஞ்சாலையில் போனேன். பெருமையாக இருந்தது. அக்கம்பக்கத்தில் “நான்தான் இப்ப டிரைவர்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரே ஒரு குறை, பிரியும் இடங்களில் பலகையில் இருக்கும் எழுத்து கிட்டே போன பிறகுதான் தெரியும். அதற்குள் பாதை போய்விடும். இந்தப் பலகைகளை ஏன் இவ்வளவு சின்னதாக எழுதுகிறார்கள் என்று சுபாங் போன அன்று அலுத்துக்கொண்டேன். அவர் கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் முடிந்து மறுபடி கிளினிக். புது மாத்திரையில் அவருக்குத் தலைசுற்றல் ஒரு நாள்கூட வரவில்லை. அதையும் நோட்டில் நாள்வாரியாக எழுதியிருந்தார்: ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று பதினான்கு வரி. டாக்டர் படுக்கவைத்து, நிற்கவைத்துப் பார்த்தார். அழுத்தம் இறங்கவில்லை.

“நல்லா இருக்கீங்க அங்கிள். ஓட்டலாம். டிக்கும் போடலாம்.”

“கண் பார்வையும் கேட்டிருக்கான்” என்றார் அவர்.

டாக்டர் சிரித்துக்கொண்டே ஜன்னல் திரையை விலக்கினார். சாலைக்கு எதிர்ப்புறம், இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. “அந்த நம்பர் பிளேட்டைப் படிங்க. பகல் வெளிச்சத்துல இந்தத் தூரம் படிக்க முடியணும். கண்ணாடி போட்டுக்கலாம்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தடங்கலில்லாமல் எழுத்தும் எண்ணும் வாசித்தார். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிளுடையதையும் கேட்காமலே வாசித்தார்.

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டு வாரப் பெருமை விடவில்லை. “இதுகூடவா தெரியாது” என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தேன்.

“அப்ப ஆன்டி, நீங்க அதுக்குப் பின்னால நிக்கிற பச்சைக் காரைப் படிங்க” என்றார் டாக்டர்.

பச்சைக் கார் தெரிந்தது. பின்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை, அதில் வெள்ளையாக ஏதோ. நான் கண்ணைச் சுருக்கினேன். எங்கள் சிலாங்கூர் மாநில வண்டிகள் எல்லாம் B-யில்தானே தொடங்கும். “B” என்று தொடங்கி, அழகாக இரண்டு எழுத்தும் நாலு எண்ணும் சொன்னேன்.

டாக்டர் என் கணவரைப் பார்த்தார்.

“அது W” என்றார் என் கணவர், மெதுவாக. “எண்ணும் நாலு இல்லை, மூணுதான்.”

“நீங்க சொன்னது எந்த வண்டி ஆன்டி?” என்று டாக்டர் கேட்டார்.

யோசித்துப் பார்த்தால், அது எங்கள் எதிர்வீட்டுக்காரர் வண்டி எண். தினமும் பக்கத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது.

டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி. பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை, தூரப் பார்வை மங்கியிருக்கிறது, கண்ணாடிக் கடையில் சோதித்துக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார். “ஆனா அதுவரைக்கும் நீங்க வண்டி ஓட்டாதீங்க ஆன்டி.”

நான் என் கணவரைப் பார்க்கவில்லை. அவர் இரண்டு வாரமாக நெடுஞ்சாலையில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வெளியே காத்திருக்கும் இடத்துக்கு வந்தோம். கார் வாசலில் நிற்கிறது. அவருக்கு உடம்பு சரி, லைசென்ஸ் இல்லை. எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, கண் இல்லை.

“வாடகைக் காரைக் கூப்பிட்டுப் போயிடலாம்” என்றேன்.

“எதுக்கு?” என்று சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். “இங்கேயே புதுப்பிச்சிடறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக முடியாத காரியம்.

முதலில் உள்ளே நுழைய முடியவில்லை. ஐசி எண் சரி, கடவுச்சொல் தவறு. அதை எழுதிய நோட்டு கையில்தான் இருந்தது, ஆனால் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று தலைகீழாக எழுதி வைத்திருந்தார். அதை நிமிர்த்தி எழுத ஐந்து நிமிடம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த மலாய்ப் பெண் எட்டிப் பார்த்து, “அங்கிள், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா?” என்று கேட்டாள். பெரிய எழுத்து. திறந்தது.

அடுத்து முகவரி. அஞ்சல் குறியீட்டுப் பெட்டியில் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“ஐசியில இருக்கிறதைப் போடுங்க” என்றேன்.

“போடலாம்…”

முழங்கால் வலிக்கு வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எங்கள் வயதுதான், “எந்தத் தாமான் அண்ணே?” என்று கேட்டார். சொன்னோம். “அங்க பதினெட்டு வருஷமா தபால் போட்டவன் நான்” என்றார். ஓய்வு பெற்ற தபால்காரர். குறியீட்டைச் சொன்னார். ஐசியில் இருந்ததேதான். என் கணவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பழைய முகவரியை அழித்தார். முப்பத்தொரு வருஷம் நாங்கள் இருந்த வீட்டு எண், எழுத்து எழுத்தாகப் போனது. ஒரு வினாடி நிறுத்தி, “மாடிப்படி நல்லா இருந்தது, இல்ல?” என்றார். மாடிப்படியில் எப்போதும் பூனை நாற்றம். இருந்தாலும் நான், “ஆமாம்” என்றேன்.

புதுப்பிக்கும் பக்கம் வந்தது. எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டது. தபால்காரர், “பத்து போட்டுடுங்க, தொல்லை விட்டது” என்றார்.

“பத்து வருஷத்துக்கு என் உடம்பைப் பத்தி நான் எப்படிச் சொல்றது?”

“ஐந்து?”

இரண்டு போட்டார்.

பிறகு உறுதிமொழி. சத்தமாக வாசித்தார், மலாயில் வாசித்துத் தமிழில் எனக்குச் சொன்னார். வலிப்பு இல்லை. தலைசுற்றல் வந்ததை டாக்டர் பார்த்தாகிவிட்டது, இப்போது இல்லை. கண் பார்வை, இப்போதுதான் சோதித்தது. கிளினிக்கில் எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு சீனப் பெண்கூட. கடைசியில் ஆள்காட்டி விரலை உயர்த்தி, அந்தச் சின்னக் கட்டத்தைத் தொட்டார். முதல் தடவை விழவில்லை, விரல் ஈரம். வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். விழுந்தது.

வங்கிப் பக்கத்தில் பணம் கட்டி, ரசீது வந்து, ஆப்பில் அவர் படத்தோடு லைசென்ஸ் புதுத் தேதியுடன் தெரிந்தபோது, மருந்து ஜன்னல் பெண் கைதட்டினாள். அவர் உள்ளே போய், தனக்கு உடல் தகுதி இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கடிதத்தை ஆப்பில் எங்கே சேர்ப்பது என்று இரவு சாப்பாடு வரை தேடினார். யாரும் அதைக் கேட்கவே இல்லை என்பது அவருக்கு இன்றைக்கும் ஒரு மனக்குறை.

வீட்டுக்கு அவர்தான் ஓட்டினார். பாதி வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்:

“நீ போன தடவை புதுப்பிச்சபோது அந்த டிக் போட்டியா?”

“போட்டேன்.”

“வாசிச்சியா?”

“வாசிச்சிருப்பேன்” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அங்கே ஒரு கடைப் பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளே ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த முதல் நாள், கூடத்து மின்விசிறியில் இருந்த தூசியைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒன்பது மாதமாக அதன் கீழேதான் விருந்தாளிகளை உட்காரவைத்திருந்தேன்.

என் லைசென்ஸ் அவருடையதற்கு நாலு மாதம் பின்னால் முடிந்தது. நானே புதுப்பித்தேன். முகவரியை மாற்றினேன். உறுதிமொழியை வரிவரியாக வாசித்தேன். வாசிக்கும்போதுதான், இதே எழுத்துகளின் கீழே இத்தனை வருஷமாக எதையும் பார்க்காமல் உறுதி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று கொஞ்சம் பயமாக இருந்தது. டிக் போடுவதற்கு முன் வாசலுக்குப் போய், தெருக்கோடியில் நின்ற ஒரு லோரியின் நம்பரை வாசித்தேன். சரியா என்று பார்த்துவர அவரை அனுப்பினேன். அவர் நோட்டோடு போய், எழுதிக்கொண்டு வந்தார். சரியாக இருந்தது.

இப்போது பந்திங் பக்கம் என் தங்கை வீட்டுக்குப் போனால், போகும்போது அவர் ஓட்டுகிறார், வரும்போது நான். இருபுறமும் செம்பனை மரங்களுக்கு நடுவே அந்த நீளப் பாதையில் வரும்போது அவர் தூங்கிவிடுகிறார். அந்த இரண்டு வாரத்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூடியது கிடையாது.